மேலாளருக்கு ஒரு கடிதம்: ஓ.டி. கணக்கைச் சரிபார்க்க ஒரு சிறு ஸ்கிரிப்ட்

சம்பளப் பிரிவில் வேலை செய்பவர் வீட்டில் இருந்தால் மாதக் கடைசி எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். இரவு மணி எட்டானாலும் ஆள் வீடு வந்து சேர்வதில்லை. கணினித் திரையில் ஒரு பக்கம் வருகைப் பதிவு, மறு பக்கம் சம்பளப் பட்டியல். வரி பிசகாமல் பார்க்க, கையில் ஓர் அடிக்கோல்.

அந்த வேலையில் ஒரு பகுதியை மட்டும் இந்த வாரம் எடுத்துக்கொள்வோம். மேலதிக நேரச் சம்பளத்தை, அதாவது ஓ.டி.யைச் சரிபார்ப்பது. இதைச் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றிடம் ஒப்படைக்க முடியும் என்று தெரிந்த இளைஞர்கள் இன்று பல அலுவலகங்களில் இருக்கிறார்கள். ஆனால் மேலாளரிடம் அனுமதி கேட்டு எழுதும்போது பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: "இதனால் நேரம் மிச்சமாகும்." மேலாளர் படித்துவிட்டு, "பார்க்கலாம்" என்கிறார். அத்தோடு அது போயிற்று.

மேலாளரின் கவலை வேறு. நாளை சம்பளம் தவறாகப் போனால் யார் பதில் சொல்வது? கடிதம் முதலில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். எப்படி என்பதை ஒரு கணக்கோடு பார்ப்போம்.

மாதச் சம்பளம் 2,080 ரிங்கிட் வாங்கும் ஓர் ஊழியரை எடுத்துக்கொள்ளுங்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 80 ரிங்கிட். எட்டு மணி நேர வேலை என்றால் ஒரு மணிக்கு 10 ரிங்கிட். சாதாரண நாளில் வேலை நேரத்துக்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 15 ரிங்கிட். ஓய்வு நாளில் வழக்கமான நேரத்துக்கும் மேல் செய்தால் இரண்டு மடங்கு. பொது விடுமுறையில் அப்படிச் செய்தால் மூன்று மடங்கு.

அந்த மாதம் அவருக்கு 14 மணி நேர ஓ.டி. இருக்கிறது. அதில் 10 மணி சாதாரண நாளில், 4 மணி பொது விடுமுறையில். கிடைக்க வேண்டியது 150, அதோடு 120, ஆக 270 ரிங்கிட். பட்டியலில் எண்களை ஏற்றியவர் பதினான்கு மணியையும் சாதாரண நாள் கட்டத்தில் போட்டுவிட்டால் 210 ரிங்கிட்தான் வரும். அறுபது ரிங்கிட் குறைவு. மொத்த மணி நேரம் சரியாக 14 என்றே இருப்பதால், நூறு வரிகளைப் பார்த்துக் களைத்த கண்ணுக்கு இது தப்பிவிடும்.

இப்போது கடிதம். நம் அலுவலகங்களில் இதை ஆங்கிலத்திலோ மலாயிலோதான் எழுதுவோம். எதை எந்த வரிசையில் சொல்வது என்பது புரிய, தமிழில் ஒரு மாதிரி. நிறுவனமும் அதன் எண்ணிக்கைகளும் எடுத்துக்காட்டுக்காகப் போட்டவை.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: ஓ.டி. சரிபார்ப்புக்குச் சிறு ஸ்கிரிப்ட், இரண்டு மாதச் சோதனைக்கு அனுமதி கோருதல்

ஒவ்வொரு மாதமும் 143 ஊழியர்களின் ஓ.டி. தொகையை, வருகைப் பதிவோடு ஒப்பிட்டுக் கையால் சரிபார்க்கிறோம். கடந்த மூன்று மாதங்களில் இதற்குச் செலவான நேரத்தைக் குறித்து வைத்தேன். சராசரியாக மாதம் 11 மணி நேரம். அப்படியிருந்தும் கடந்த ஆறு மாதங்களில் நான்கு தவறுகள் சம்பளம் போன பிறகே தெரியவந்தன. மூன்று பேருக்குக் குறைவாகவும் ஒருவருக்குக் கூடுதலாகவும் போயிருந்தது. மிகப் பெரிய வித்தியாசம் 60 ரிங்கிட். நான்கு தவறுகளின் விவரமும் இணைப்பில் உள்ளது.

இந்த ஒப்பீட்டைச் செய்யும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுத அனுமதி கேட்கிறேன். அது வருகைப் பதிவுக் கோப்பையும் வரைவுச் சம்பளப் பட்டியலையும் படிக்கும். ஒவ்வொருவருக்கும் வர வேண்டிய ஓ.டி. தொகையைக் கணக்கிட்டு, 50 சென்னுக்கு மேல் வித்தியாசம் உள்ள பெயர்களைத் தனிப் பட்டியலாகத் தரும். இரண்டு கோப்புகளில் ஒன்றில் மட்டும் இருக்கும் ஊழியர்களையும் காட்டும்.

அது எந்தத் தொகையையும் திருத்தாது. சம்பள மென்பொருளையும் வங்கிக் கோப்பையும் தொடாது. திருத்தம், இறுதி ஒப்புதல் இரண்டும் இன்று யாரிடம் இருக்கின்றனவோ அவர்களிடமே இருக்கும்.

அதனால் பிடிக்க முடியாததும் ஒன்று உண்டு. விடுமுறை நாளில் செய்த வேலை வருகைப் பதிவிலேயே சாதாரண நாள் என்று ஏறியிருந்தால், ஸ்கிரிப்ட்டுக்கு அது தெரியாது. ஆகவே பொது விடுமுறை, ஓய்வு நாள் பதிவுகளை மட்டும் தொடர்ந்து கையால் பார்ப்போம்.

சம்பள விவரங்கள் தனிநபர் தரவு என்பதால், ஸ்கிரிப்ட் நம் பிரிவின் கணினியில், இப்போதுள்ள பூட்டிய கோப்புறைக்குள்ளேயே இயங்கும். எந்தக் கோப்பும் வெளியே போகாது. தேவையான மென்பொருளை நிறுவத் தகவல் தொழில்நுட்பப் பிரிவின் சம்மதத்தையும் பெறுவேன்.

முதல் இரண்டு மாதங்கள் கையாலும் ஸ்கிரிப்ட்டாலும் இரண்டு முறை சரிபார்ப்போம். கையால் பிடித்த ஒரு தவறை ஸ்கிரிப்ட் தவறவிட்டாலும் அதை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தங்களிடம் சொல்வேன். பயன்படுத்தும் முறையை ஒரு பக்கத்தில் எழுதி, பிரிவில் இன்னொருவருக்கும் கற்றுத் தருவேன்.

அனுமதி கிடைத்தால் அடுத்த மாத வரைவுப் பட்டியலிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
சம்பளப் பிரிவு ஊழியர்

கடிதம் இவ்வளவுதான். பெரிதாக எதுவும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்டது ஒரு சரிபார்ப்பு, இரண்டு மாதம். சேமநிதி, பெர்கேசோ பிடித்தங்களையும் சேர்த்திருக்கலாமே என்று தோன்றும். ஆனால் அவற்றின் விதிகள் வேறு. ஊழியர் சேமநிதிக் கணக்கில் ஓ.டி. சேராது, பெர்கேசோ கணக்கில் சேரும். போதாததற்குச் சேமநிதிக்கு வெறும் விழுக்காட்டுக் கணக்கும் போதாது. அட்டவணையைப் பார்த்தே தொகையைப் போட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே ஸ்கிரிப்டில் திணித்தால், எங்கே பிசகியது என்று கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிடும்.

50 சென் எங்கிருந்து வந்தது? எல்லாச் சம்பளமும் 2,080 போல அழகாக வகுபடாது. 1,900 ரிங்கிட்டை 26ஆல் வகுத்தால் 73.0769 வரும். சம்பள மென்பொருள் ஒவ்வொரு படியிலும் இரண்டு தசமத்துக்குச் சுருக்கினால், ஒன்றரை மடங்கு ஒரு மணிக்கு 13.71 ஆகும். கடைசியில் மட்டும் சுருக்கினால் 13.7019. இருபது மணி நேரத்துக்கு ஒன்று 274.20, மற்றது 274.04. இந்த 16 சென் தவறல்ல. சுருக்கும் முறையில் உள்ள வேறுபாடு. ஒரு சென் வித்தியாசத்தையும் காட்டச் சொன்னால் பாதி ஊழியர்களின் பெயர் பட்டியலில் வந்து நிற்கும். இரண்டாம் மாதமே அந்தப் பட்டியலை யாரும் படிக்க மாட்டார்கள். உங்கள் மென்பொருள் எப்படிச் சுருக்குகிறது என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ப இந்த எல்லையை வையுங்கள்.

ஸ்கிரிப்டின் மையப் பகுதி உண்மையிலேயே சிறியது. பைத்தானில் எழுதினால் இப்படி இருக்கும்:

```python
hourly = basic / 26 / 8
expected = hourly * (1.5*ot_normal + 2*ot_rest + 3*ot_holiday)
if abs(expected - paid) > 0.50:
    print(emp_no, round(expected, 2), paid)
```

சிக்கல் இந்த நான்கு வரியில் வருவதில்லை. கோப்புகளை இணைக்கும் இடத்தில் வருகிறது. ஊழியர் எண் 00417 என்று வருகைப் பதிவில் இருக்கும். எக்செல்லில் திறந்து சேமித்தால் முன்னால் உள்ள பூஜ்ஜியங்கள் போய் 417 ஆகிவிடும். ஸ்கிரிப்ட்டுக்கு இவர்கள் இரண்டு வெவ்வேறு ஆட்கள். இரண்டு கோப்பிலும் உள்ளவர்களை மட்டும் ஒப்பிடும்படி எழுதியிருந்தால், அந்த ஊழியரைச் சரிபார்க்காமலேயே "தவறு எதுவும் இல்லை" என்று முடித்துவிடும். ஒரு கோப்பில் மட்டும் இருப்பவர்களையும் காட்டும் என்று கடிதத்தில் எழுதியது இதற்காகத்தான். எத்தனை பேரை ஒப்பிட்டோம் என்ற எண்ணிக்கையும் கடைசி வரியில் வரட்டும். 143 பேர் இருக்கும் இடத்தில் 139 என்று வந்தால் உடனே தெரிந்துவிடும்.

மேலாளரிடம் காட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். பழைய மாதக் கோப்புகளின் நகலில் நீங்களே மூன்று தவறுகளை வையுங்கள். ஒருவரின் விடுமுறை ஓ.டி.யைச் சாதாரண நாளுக்கு மாற்றுங்கள். ஒரு வரியை அழித்துவிடுங்கள். 10 மணி என்பதை 100 ஆக்குங்கள். ஸ்கிரிப்டை ஓட்டினால் மூன்றும் பட்டியலில் வர வேண்டும். இரண்டுதான் வந்தது என்றால் அது இன்னும் தயாராகவில்லை. ஆறு மாதத்தில் தப்பிய அந்த நான்கு தவறுகளையும் இதே போல ஓட்டிப் பார்த்து, எத்தனை பிடிபட்டன என்று மேலாளரிடம் சொல்லலாம்.

அவர் கேட்கக்கூடிய கடைசிக் கேள்வி, "நீ வேறு வேலைக்குப் போய்விட்டால்?" என்பதாக இருக்கும். அதனால்தான் கடிதத்தில் ஒரு பக்கக் குறிப்பும் இரண்டாவது ஆளும். 26, 8, ஒன்றரை, இரண்டு, மூன்று என்ற எண்கள் எந்த விதியிலிருந்து வந்தவை என்பது அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தின் ஓ.டி. விதி, மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டாதவர்களுக்குக் கட்டாயம். அதற்கு மேல் வாங்குபவர்களுக்கு ஒப்பந்தப்படி வேறு கணக்கு இருக்கலாம். அவர்களை ஸ்கிரிப்டில் சேர்த்தீர்களா, விட்டீர்களா என்பதையும் அங்கே எழுதி வையுங்கள். வேலை நேரமோ விதியோ மாறும்போது எந்த எண்ணை மாற்றுவது என்று, பைத்தான் தெரியாத ஒருவரும் அதைப் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும்.

சம்பளக் காலம் முடிந்து ஏழு நாள்களுக்குள் சம்பளம் ஊழியர் கையில் சேர வேண்டும் என்பது சட்டம். வரைவுப் பட்டியல் வந்த பிறகு சரிபார்க்க இரண்டு நாள்தான் கிடைக்கும். அந்த இரண்டு நாளும் 143 வரிகளை ஒப்பிடுவதிலேயே போய்விட்டால், வித்தியாசம் ஏன் வந்தது என்று மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுக் கேட்க நேரமிருக்காது. ஐந்தாறு பெயர்கள் மட்டும் உள்ள பட்டியல் முதல் நாள் காலையிலேயே மேசைக்கு வந்துவிட்டால், அந்த அறுபது ரிங்கிட் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகாமல் இந்த மாதமே அவர் கணக்கில் ஏறும்.