கறுப்பு எண்டு எழுதினால் போதும்

ஒரு பிள்ளை வானத்தில கறுப்பாய் ஒண்டைக் கீறியிருந்தால், ரீச்சரின் குறிப்பில் "வானத்தில் கறுப்பாய் ஒரு வடிவம்" என்றுதான் இருக்க வேண்டும். "பயம்" என்று இருக்கக் கூடாது. இதைச் சொன்னால் எங்கட பக்கத்தில் உடனே ஒரு எதிர்ப்பு வரும். "நாங்கள் பட்ட பாட்டுக்குப் பிள்ளையளின்ர படத்தைப் பார்த்தாலே விளங்குமே" என்பார்கள். எனக்கு அதில்தான் சந்தேகம்.

கரவெட்டியில் சின்ன வகுப்புப் படிப்பிக்கிற சில ரீச்சர்மாருக்கு இந்தக் குறிப்புகளை எழுத நான் இடைக்கிடை உதவி செய்வதுண்டு. பிள்ளை கீறின தாள் அண்டைக்கே வீட்டை போய்விடும். ரீச்சரிடம் மிஞ்சுவது போனில் எடுத்த படம் மட்டும்தான். இரவு சமையல் எல்லாம் முடிஞ்ச பிறகு அதைப் பார்த்து, படத்தில் என்ன விடயம், என்னென்ன விபரங்கள் என்று நாலு வரி எழுதிக் கோப்பில் வைக்க வேண்டும். அந்தக் கோப்பு அடுத்த வருசம் அடுத்த ரீச்சரிடம் போகும்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். தரம் இரண்டுப் பிள்ளை ஒன்றின் கிறேயோன் படம். ஆர் எண்டு தெரியக்கூடாது என்பதற்காகச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். தாளின் அடியில் பச்சைப் பட்டை. இடப்பக்கம் சிவப்பு முக்கோணக் கூரை போட்ட வீடு. நடுவில் வீட்டளவு உயரத்தில் ஒரு ஆள். கைகள் இரண்டும் வெறும் கோடுகளாய் முடிகின்றன. வலப்பக்கம் இரண்டு பனை. அவற்றுக்கு மேலே, ஆளின் தலையை விடப் பெரிதாக, அழுத்தி நிரப்பிய ஒரு கறுப்புச் சாய்சதுரம். இதற்கு முதலில் எழுதப்பட்டிருந்த குறிப்பு இது: "பிள்ளையின் மனதில் பயம் உள்ளது. கைகள் இல்லாதது பாதுகாப்பின்மையைக் காட்டுகிறது. பெற்றோருடன் கதைக்க வேண்டும்."

கை இல்லாட்டி பாதுகாப்பின்மை என்ற கதை அந்த ரீச்சர் கண்டுபிடித்ததில்லை. 1949இல் கரென் மக்கோவர் என்ற அமெரிக்க உளவியலாளர், ஒருவர் கீறும் மனித உருவத்தை வைத்து அவரின் ஆளுமையை வாசிக்கலாம் என்று ஒரு புத்தகம் எழுதினார். கண்ணின் அளவு, கை, நிழல் தீட்டல் எல்லாத்துக்கும் அதில் ஒரு பொருள் இருந்தது. 1957இல் கிளிஃபோர்ட் ஸ்வென்சன் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அந்தப் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆதாரம் இல்லை என்று காட்டினார். அதற்குப் பிறகும் அந்தப் பழைய பட்டியல் பயிற்சிப் பட்டறைகளிலும் முகநூல் பதிவுகளிலும் சுத்திக்கொண்டுதான் இருக்கு. ஏழு வயதில் விரல் இல்லாமல் கை கீறுவது சர்வசாதாரணம் என்பதை ஒரு வகுப்பின் முப்பது படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே காணலாம்.

இனி அந்தப் போட்டோ. இரவு மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில், மேசையில் சரிவாக வைத்து எடுத்தது. சரிவாக எடுத்தால் போனுக்குக் கிட்ட இருக்கிற பக்கம் பெருக்கும். "ஆள் வீட்டை விடப் பெரிது" என்று எழுதினால் அது பிள்ளையின் அளவா, கமராவின் அளவா என்று சொல்ல ஏலாது. பிளாஷ் அடித்தால் மெழுகு மினுங்கி அந்த இடம் வெள்ளையாய்ப் போகும். மிக மோசமாய் அடிபடுவது மஞ்சள் கிறேயோன். வெள்ளைத்தாளில் மஞ்சள் கோடு மஞ்சள் வெளிச்சத்தில் கிட்டத்தட்ட மறைஞ்சே போகும்.

அடுத்தநாள் பிள்ளை தாளைத் திருப்பிக் கொண்டுவந்தபோது, காலமை விறாந்தை வெளிச்சத்தில், நேர் மேலே இருந்து, நாலு மூலையும் தெரிய ரீச்சர் மற்றப்படம் எடுத்தார். தாளின் பின்பக்கத்தையும் எடுக்கச் சொன்னேன். எங்கே அழுத்திக் கீறியது என்பது முன்பக்கத்தை விட அங்கேதான் தெரியும். இப்போது கறுப்புச் சாய்சதுரத்தின் கீழ் முனையில் இருந்து ஆளின் வலப்பக்கக் கை வரை ஒரு மஞ்சள் கோடு ஓடுவது தெரிந்தது.

வடமராட்சியில் பிறந்த ஆருக்கும் அது என்னவென்று உடனே தோன்றும். ஆனாலும் குறிப்பில் அதை எழுதவில்லை. எழுதியது இதுதான்:

"வெள்ளைத்தாள், கிடைப்பக்கமாக. கிறேயோன். விடயம்: வெளிப்புறக் காட்சி, வீடு, ஒரு ஆள், இரண்டு பனை. அடியில் தாளின் முழு அகலத்துக்கும் பச்சைப் பட்டை. ஆள் ஏறத்தாழ வீட்டின் உயரம். கண்கள் இரண்டு புள்ளி, வாய் ஒரு நேர்கோடு, கைகள் கோடாக முடிகின்றன. மேல் வலப்பக்கத்தில் அழுத்தி நிரப்பிய கறுப்புச் சாய்சதுரம். அதிலிருந்து ஆளின் கை வரை மஞ்சள் கோடு. பெட்டியில் இருந்த நிறங்கள்: கறுப்பு, சிவப்பு, பச்சை, மஞ்சள், மண்ணிறம்."

கடைசி வரியை ஒருத்தரும் எழுதுவதில்லை. நீலம் பெட்டியிலேயே இல்லையென்றால் "வானத்துக்கு நீலம் பாவிக்கவில்லை" என்பதில் ஒரு அர்த்தமும் இல்லை. வாயைப் பற்றிய இடத்தையும் கவனியுங்கள். "சோகமான முகம்" என்பது எங்கட முடிவு. "நேர்கோடு" என்பது தாளில் இருக்கிறது. ஒரு சொல்லை எழுத முதல் நான் பார்ப்பது, இதைத் தாளில் விரல் வைத்துக் காட்டலாமா என்பதைத்தான். பச்சைப் பட்டையைக் காட்டலாம். பயத்தைக் காட்ட ஏலாது.

பிறகு ரீச்சர் பிள்ளையிடம் "இதைப் பற்றிச் சொல்லுங்கோ பாப்பம்" என்று மட்டும் கேட்டார். "இது என்ன, ஹெலியோ?" என்று கேட்டிருந்தால் பாதிப் பிள்ளைகள் "ஓம்" எண்டு தலையாட்டிவிடும், பெரிய ஆள் சொன்னால் சரியாத்தான் இருக்கும். பிள்ளை சொன்னதை மேற்கோளுக்குள் அப்படியே சேர்த்தோம்: "பெரியப்பா பட்டம் ஏத்துறார். விண் கட்டினது, இரவிலயும் கூவும்." தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப்போட்டி நடக்கிற பக்கம் இது. பட்டம் ஏன் கறுப்பு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியும் இருக்கவில்லை.

"சரி, உண்மையாகவே பயந்த பிள்ளையின் படமாக இருந்தால்?" என்று கேட்கலாம். இதற்கு எனக்கு நினைவுக்கு வருவது தெரெசீன். செக் நாட்டில் நாசிகள் யூதர்களை அடைத்து வைத்த இடம். 1942 டிசம்பரில் அங்கே கொண்டுபோகப்பட்ட ஓவியர் ஃப்ரீட்ல் டிக்கர்-பிராண்டைஸ் பிள்ளைகளுக்கு ஒளித்து ஒளித்துச் சித்திரம் படிப்பித்தார். 1944இல் அவுஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட முதல், ஏறக்குறைய 4,500 படங்களை இரண்டு சூட்கேசில் விட்டுப்போனார். இன்று அவை பிராக் யூத நூதனசாலையில் இருக்கின்றன. அவற்றில் ஏராளமானவை பூக்கள், வீடுகள், வண்ணத்துப்பூச்சிகள். நிறத்தை வைத்து மனதை வாசிக்கிற ஆள் அந்தப் பூக்களைப் பார்த்து "பிள்ளை சந்தோசமாக இருக்கிறது" என்றல்லவா எழுதியிருப்பார்? கறுப்புப் பட்டத்தில் பயத்தைக் காண்கிற அதே கண், அங்கே ஒண்டையும் காணாது. அவர் பிள்ளைகளைத் தங்கட பேரைப் படத்தில் எழுதவைத்தார். அதனால்தான் எது யாருடையது என்று இன்றும் சொல்ல முடிகிறது. எங்கட ரீச்சர்மாரின் போன்களிலோ, பேரும் திகதியும் இல்லாத நூறு படங்கள் கிடக்கின்றன.

ஒரு பிள்ளை படத்தைக் காட்டி "இவர் எனக்கு அடிக்கிறவர்" என்று வாயால் சொன்னால் அது வேற விடயம். அப்போது படத்தை ஆராயத் தேவையில்லை. பிள்ளையின் சொற்களை மாத்தாமல், திகதியோடு எழுதி, அண்டைக்கே அதிபரிடமும் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தரிடமும் கொடுக்க வேண்டும். 1929க்கு அழைக்கவும் ஏலும். அங்கேயும் கேட்பார்கள், பிள்ளை சரியா என்ன சொன்னது என்று.