இருபது வினாடி போதாதா?

இப்போதெல்லாம் போடியில் விவசாயக் கூட்டம் என்றால் பாதி நேரலையில்தான் நடக்கிறது. நல்லதுதான். மேட்டுக்கு மேலே தோட்டத்தில் இருப்பவரும் கேட்கலாம். ஆனால் அதற்கு முன்னோட்டமாக வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு வருகிறதே, அதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

போன மே மாதம் வந்த ஒன்று ஒன்றரை நிமிடம் ஓடியது. முதலில் வாத்தியம், பிறகு வணக்கம், பிறகு தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்கள், சப்ஸ்கிரைப் செய்யச் சொல்லி ஒரு வேண்டுகோள். ஏலக்காய் அழுகலைப் பற்றிப் பேசப்போகிறார்கள் என்பதே ஒரு நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது. நேரமோ, "நாளை மாலை". அது என் கைக்கு வந்தபோது மூன்று பேர் கைமாறி, அந்த நாளை நேற்றாகியிருந்தது!

பெயர் சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவு என்பார்கள். தாராளமாகச் சொல்லட்டும், நேரலை தொடங்கிய பிறகு. போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. ஜீப்பில் போகிறவருக்கு அடுத்த வளைவில் சிக்னல் இருக்குமா என்பதே நிச்சயமில்லை. முதல் ஐந்து வினாடியில் விஷயம் வராவிட்டால் அவர் கேட்கப்போவதில்லை.

நிதானமாகப் பேசினால் இருபது வினாடிக்குச் சுமார் 30 சொல் கொள்ளும். அந்த அழுகல் கூட்டத்துக்கே இப்படிச் சொல்லியிருக்கலாம்:

"ஏலக்காய் அழுகல். மழைக்கு முன் மருந்து அடிப்பது எப்படி? மே 18, சனிக்கிழமை இரவு ஏழரைக்கு நேரலை. போர்டோ கலவையை உங்கள் கண்முன் கலக்கிறார்கள்; சந்தேகத்தை அப்போதே கேட்கலாம். சனிக்கிழமை, இரவு ஏழரை."

வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், இருபதுக்குள் முடிந்துவிடும். தேதியும் கிழமையும் சேர்ந்து இருப்பதால் எத்தனை பேர் கைமாறினாலும் கெடாது. நேரத்தை இரண்டு முறை சொன்னது வீண் அல்ல. முதல் முறை கேட்கும்போது மனம் இன்னும் அழுகலில்தான் இருக்கும். ஏழரை என்றால் மேலே வேலைக்குப் போன ஜீப்புகள் இறங்கி, ஆட்கள் குளித்துச் சாப்பிட உட்காரும் நேரம்.

காரணம் ஒன்றே போதும். ஆனால் அது நேரலைக்கே உரியதாக இருக்க வேண்டும். "பயனுள்ள தகவல்கள்" என்பது காரணமே இல்லை; பதிவாக மறுநாளும் பார்க்கலாமே என்று விட்டுவிடுவார்கள். போர்டோ கலவையில் சுண்ணாம்பு குறைந்தால் இலை கருகும். பளபளப்பான கத்தியை முக்கி எடுத்தால் செம்பு நிறம் படியும், அப்போது இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். தன் வாளியில் கத்தி சிவந்தவருக்குக் கேள்வி அன்றைக்கே இருக்கிறது.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியதை நாமெல்லாம் பார்த்தோமே. ஒளிபரப்பு 5.20-க்கு, தரை இறங்குவது 6.04-க்கு என்று இஸ்ரோ முன்பே சொல்லிவிட்டது. வேலையாக இருந்தவர் ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்தார். நம் ஊர்க்காரர்களோ ஏழரை என்று சொல்லி எட்டே காலுக்குத்தான் விஷயத்துக்கு வருகிறார்கள். அப்படியானால் எட்டே கால் என்றே சொல்லட்டுமே!