ராத்திரியில் பார்த்த மஞ்சள்



யானைக்கவுனியிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்தோடு, செய்தித்தாளில் வெட்டிய படம் ஒன்றும் இருந்தது. 2018-இல் வந்த '96' படத்தில் ஜானுவாக நடித்த த்ரிஷா. மஞ்சள் குர்தா, நீல ஜீன்ஸ். 'இதே மாதிரி ஒன்று வேண்டும். கையில் 800 ரூபாய்தான். எங்கள் தெருவைச் சுற்றி இத்தனை துணிக்கடை இருந்தும் யாரைக் கேட்டாலும் வேறு எதையோ எடுத்துப் போடுகிறார்கள். என்னவென்று கேட்பது?' என்று கேட்டிருந்தார்.

கடிதத்தின் கடைசி வாக்கியம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அவர் போன கடைகளில் எல்லாம் 'ஜானு டிரஸ்' என்றே கேட்டிருக்கிறார். 1985-இல் 'பூவே பூச்சூடவா' வந்தபின் கம்மலிலிருந்து கொண்டை வரை எல்லாவற்றுக்கும் நதியா பெயர் வைத்து விற்ற ஊர் இது. கடைக்காரருக்கு நடிகையின் பெயர் ஒரு விலைச்சீட்டு, அவ்வளவுதான். மஞ்சளாக எது கைக்கு அகப்படுகிறதோ அதை எடுத்துக் காட்டுவார். துணிக்கென்று சொந்தப் பெயர் இருக்கிறது. படத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் நிறம். அதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். '96' படம் ராமும் ஜானுவும் சேர்ந்திருக்கும் ஓர் இரவின் கதை. அந்தக் குர்தாவை நாம் பெரும்பாலும் விளக்கு வெளிச்சத்தில்தான் பார்க்கிறோம். பழைய சோடியம் தெருவிளக்கின் கீழே நின்றால் என் வெள்ளை வேட்டிகூட மஞ்சளாகிவிடும். போதாக்குறைக்குப் படப்பிடிப்பு முடிந்த பிறகு ஒவ்வொரு காட்சியின் நிறத்தையும் கணினியில் ஏற்றி இறக்குகிறார்கள். ஆகவே குர்தாவை விட்டுவிட்டு, நிறம் நமக்கு முன்பே தெரிந்த ஒன்றை அதே படத்தில் தேடுங்கள். கண்ணின் வெள்ளை, பல், சாலையில் போட்ட வெள்ளைக் கோடு, எது அகப்பட்டாலும் சரி. அதுவே மஞ்சளாகத் தெரிந்தால், குர்தாவின் மஞ்சளில் ஒரு பங்கு விளக்குடையது. அந்தப் பங்கை மனதுக்குள் கழித்துவிட வேண்டும். அதே உடுப்பு வேறு வெளிச்சத்தில் வரும் இரண்டு மூன்று காட்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இன்னும் நெருங்கலாம். அச்சில் வந்த படத்தை நம்பாதீர்கள். செய்தித்தாள் மை தன் பங்குக்கு ஒரு மஞ்சளைச் சேர்த்திருக்கும்.

அடுத்தது துணி. அதைச் சொல்வது மடிப்பு. நின்று சிரிக்கும் படத்தில் துணி வாயைத் திறக்காது. உட்கார்ந்த படம் வேண்டும், காருக்குள் இருக்கும் காட்சி போல. முழங்கை மடியும் இடத்தையும் மடியையும் பாருங்கள். கோணல்மாணலாகக் கசங்கி அப்படியே நின்றால் பருத்தி அல்லது லினன். கசங்கல் குறைவாக, தண்ணீர் மாதிரி வழிந்து தொங்கினால் ரேயான். கசங்கவே இல்லை, ஓரத்தில் லேசாக மினுக்கம் தெரிகிறது என்றால் பாலியஸ்டர் கலந்திருக்கலாம். எங்கள் கண்ணுக்கு இது பருத்தியாகத்தான் பட்டது. அலுவலகத்தில் இதைப் பற்றி அரைமணி நேரம் சண்டை நடந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நீளத்துக்கு அளவுகோல் அதே படத்தில் இருக்கிறது: முகம். மோவாயிலிருந்து நெற்றி முடி வரை சுமார் 7 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராக நிற்கும் படத்தில் தோளிலிருந்து கீழோரம் வரை ஐந்தரை முகம் வந்தால் குர்தா 38, 39 அங்குலம். ஆனால் அந்த எண்ணைத் தையற்காரரிடம் அப்படியே சொல்லாதீர்கள். த்ரிஷா உயரமானவர். அவருக்கு முழங்காலுக்கு மேலே நிற்பது, ஐந்தடி இருக்கும் நம் வாசகிக்கு முழங்காலைத் தாண்டிவிடும். உடம்பில் எந்த இடத்தில் முடிகிறது என்று பார்த்து, அதே இடத்தை உங்கள் உடம்பில் அளந்து கொடுங்கள். கை நீளத்துக்கும் பக்கவாட்டு வெட்டின் உயரத்துக்கும் இதே கணக்குதான்.

இத்தனையையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை அவரோடு நானும் கிளம்பினேன். ஞாயிறு வேண்டாம் என்றேன். மொத்த வியாபாரக் கடைகள் பெரும்பாலும் அன்று பூட்டியிருக்கும். யானைக்கவுனித் தெருவில் தைத்த குர்தாவைக் கேட்டோம். "ஒரு பீஸ் கிடையாதும்மா, செட்டாத்தான் எடுக்கணும்" என்றார் கடைக்காரர். செட் என்றால் ஒரே மாடலில் எம் முதல் டபுள் எக்ஸ்எல் வரை அளவுக்கு ஒன்று. நான்கு தோழிகள் சேர்ந்தால் ஆளுக்கு ஒன்று மலிவாக அமையும். தனியாளுக்கு உதவாது. தைத்ததே ஒன்று போதும் என்பவர்கள் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு போகலாம். இவர் பிடிவாதமாகத் துணி எடுத்தே தைப்பேன் என்றார்.

தங்கசாலைத் தெரு வழியாக நடந்து, என்.எஸ்.சி. போஸ் சாலையைப் பிடித்து, கோடவுன் தெருவுக்குப் போனோம். அங்கும் பலர் முழுத் தானாகத்தான் கொடுப்பார்கள். வெட்டித் தருகிற கடை நான்காவதாகக் கிடைத்தது. இந்த முறை அவர் ஜானுவின் பேரை எடுக்கவில்லை. "பிளைன் காட்டன், ஸ்லப், கடுகு மஞ்சள்" என்றார். ஸ்லப் என்பது நூல் ஒரே சீராக இல்லாமல் ஆங்காங்கே தடித்தும் மெலிந்தும் ஓடுவது. தூரத்திலிருந்து பார்த்தால் கைத்தறிபோலத் தெரியும், விலையோ விசைத்தறி விலை. மூன்று தான்களை இறக்கினார் கடைக்காரர்.

டியூப்லைட்டில் மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன. வாசலுக்குக் கொண்டுவந்தோம். வெயில் பட்டதும் ஒன்று பச்சையடித்தது, ஒன்று ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது. மூன்றாவதுதான் நின்றது. சாயம் மாறினால் இப்படித்தான், ஒரு விளக்கில் ஒத்துப்போகும் இரண்டு துணி இன்னொன்றில் ஒத்துப்போகாது. ஒப்பிடக் கொண்டுபோன கைபேசியில் கண்ணுக்கு இதமாக்கும் மஞ்சள் திரை போட்டிருந்ததை அப்போதுதான் கவனித்து அணைத்தேன். வெட்டிய ஓரத்திலிருந்து ஒரு நூலைக் கேட்டு வாங்கி, தெருவுக்கு வந்து தீக்குச்சியில் காட்டினோம். காகிதம் எரியும் வாசனை, தொட்டால் உதிரும் சாம்பல். பாலியஸ்டர் இருந்திருந்தால் உருகி, நுனியில் கெட்டியாக ஒரு மணி விழுந்திருக்கும். ஒன்றைச் சொல்ல வேண்டும்: ரேயானும் பருத்தி மாதிரியேதான் எரியும். அந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல நெருப்பால் ஆகாது, கையில் கசக்கித்தான் பார்க்க வேண்டும்.

துணியின் அகலம் 44 அங்குலம். முக்கால் கை வைத்த குர்தாவுக்கு இரண்டேகால் மீட்டர் போதும். 36 அங்குலத் துணியாக இருந்தால் இன்னும் கால், அரை மீட்டர் கூட வேண்டியிருக்கும். மீட்டர் 150 ரூபாய். 337 ரூபாய் 50 காசு ஆயிற்று, 340 வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்குப் போனதும் தையற்காரரிடம் ஓடாமல், இரவு முழுக்க ஊறவைத்து நிழலில் காயவைக்கச் சொன்னேன். பருத்தி முதல் நனைப்பில் நூற்றுக்கு ஐந்துகூடச் சுருங்கலாம். தைத்த பிறகு அது நடந்தால் 38 அங்குலத்தில் ஏறக்குறைய 2 அங்குலம் போய்விடும். ஈரத் துணியில் வெள்ளைக் கைக்குட்டையை அழுத்திப் பார்த்ததில் லேசாக மஞ்சள் ஒட்டியது என்று தொலைபேசியில் சொன்னார். முதல் இரண்டு மூன்று தடவை தனியாகத் துவையுங்கள் என்றேன்.

தையற்கூலி 350. மொத்தம் 690 ரூபாய். போன வாரம் அதைப் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு வந்திருந்தார். பக்கவாட்டில் ஒரு பாக்கெட் வைத்துத் தைத்திருந்தார். "படத்துல இருந்துச்சான்னு தெரியல சார், எனக்கு வேணும்" என்றார். மிச்சம் 110 ரூபாய் அந்தப் பாக்கெட்டில்தான் இருந்தது. அந்தப் பணத்துக்குள் ஒரு துப்பட்டா கிடைக்குமா என்று பார்க்க, அப்படியே எம்.சி. ரோட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அன்புடன்,
ஆசிரியர்