ஒரு பீரோவும் நான்கு பில்களும்

‘வேல்யூ ஆடட் டாக்ஸ்’ என்பதை ‘மதிப்புக் கூட்டு வரி’ என்று தமிழில் எழுதி முடித்ததும் மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு திருப்தி வரும். அந்தத் திருப்தியைக் கலைத்தவர் கோலார் தங்கவயலில் நான் சந்தித்த ஒரு பெரியவர். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஸ்டீல் ஃபர்னிச்சர் கடை வாசலில், மகளின் கல்யாணச் சீருக்காக வாங்கிய பீரோவை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். கையில் பில். விலை 10,000 ரூபாய், வரி 1,800 ரூபாய், ஆக 11,800.

“தகடு செஞ்சவன் ஒரு தடவை, அதை வித்தவன் ஒரு தடவை, பட்டறைக்காரன் ஒரு தடவை, கடைக்காரன் ஒரு தடவைன்னு நாலு தடவை வரி. பேரே கூட்டு வரி. எல்லாத்தையும் கூட்டி என் தலைல வெச்சிட்டாங்க சார்” என்றார்.

அவர் சொன்னதில் பாதி சரி, பாதி தவறு. அவர் தலையில் வைத்தார்கள் என்பது சரி. நான்கு முறை வைத்தார்கள் என்பது தவறு. இந்த வரியின் சூட்சுமமே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. கர்நாடகத்தில் 2005 ஏப்ரல் 1 அன்று ‘வாட்’ என்ற பெயரில் வந்து, 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. என்று பெயரும் எல்லையும் மாறினாலும், அடிப்படைக் கணக்கு ஒன்றுதான்.

அந்த பீரோவையே எடுத்துக்கொள்வோம். பில்லில் இருந்த கடைசி விலையைத் தவிர மற்ற விலைகள் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உருக்குத் தகட்டுக்கும் ஸ்டீல் பீரோவுக்கும் வரி 18 சதவீதம்.

உருக்காலை 4,000 ரூபாய்க்குத் தகடு விற்கிறது. வரி 720. ஆலை தன் பங்குக்கு வாங்கிய பொருள்களின் வரியை இப்போதைக்கு மறந்துவிட்டால், இந்த 720-ஐ அது அரசுக்குக் கட்டுகிறது. பெங்களூர் வியாபாரி அதே தகட்டைப் பட்டறைக்கு 5,000 ரூபாய்க்கு விற்று 900 ரூபாய் வரி வசூலிக்கிறார். ஆனால் அவர் கட்டுவது 900 அல்ல. ஏற்கெனவே ஆலைக்குக் கொடுத்த 720-ஐக் கழித்துக்கொண்டு 180 மட்டும் கட்டுகிறார். இந்தக் கழிவைத்தான் கடைத்தெருவில் ‘இன்புட்’ என்கிறார்கள்.

ராபர்ட்சன்பேட்டைப் பட்டறைக்காரர் தகட்டை வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து, பெயின்ட் அடித்து, பீரோவைக் கடைக்கு 8,000 ரூபாய்க்குக் கொடுக்கிறார். வரி 1,440. இன்புட் 900 போக அவர் கட்டுவது 540. கடைக்காரர் 10,000 ரூபாய்க்கு விற்கிறார். வரி 1,800. இன்புட் 1,440 போக அவர் கட்டுவது 360.

இப்போது நால்வரும் கட்டியதைக் கூட்டுங்கள். 720, 180, 540, 360. மொத்தம் 1,800. பெரியவர் பில்லில் இருந்த அதே தொகை. நான்கு முறை போட்ட வரி அல்ல அது. ஒரே வரியை நான்கு தவணையில் அரசு வாங்கிக்கொண்டது. ஒவ்வொருவரும் தான் கூட்டிய மதிப்புக்கு மட்டும் 18 சதவீதம் கட்டினார்கள். பட்டறைக்காரர் கூட்டியது 3,000 ரூபாய் மதிப்பு. அதில் 18 சதவீதம்தான் 540. ‘கூட்டு’ என்பது கூட்டிய மதிப்பைக் குறிக்கிறதே தவிர, கூட்டிக்கொண்டே போகும் வரியை அல்ல.

ஆனால் அந்த 540 பட்டறைக்காரர் பணமா? இல்லை. 900 கொடுத்தார், 540 கட்டினார், 1,440-ஐக் கடைக்காரரிடம் வாங்கிக்கொண்டார். கணக்கு நேர். ஆலையிலிருந்து கடை வரை எல்லோருடைய கதையும் இதுதான். வாங்கிய வரியை யாரிடமும் திரும்ப வசூலிக்க முடியாதவர் சங்கிலியில் ஒருவர்தான்: பீரோவை விற்பதற்காக அல்லாமல் வீட்டில் வைத்துக்கொள்வதற்காக வாங்கியவர்.

பழைய விற்பனை வரியில் இப்படிக் கழித்துக்கொள்ளும் வழி பெரும்பாலும் இருக்கவில்லை. தகட்டின் முதல் விற்பனையில் ஒரு வரி. தகடு பீரோவானால் அது வேறு சரக்கு, எனவே பீரோவின் முதல் விற்பனையில் இன்னொரு வரி. ஒப்பிடுவதற்காக அதே 18 சதவீதத்தை வைத்துப் பார்த்தால், பட்டறைக்காரரின் அடக்க விலையில் தகட்டு வரி 720 ஒளிந்திருக்கும். அந்த 720 மீதும் அவர் 18 சதவீதம் வசூலிப்பார். அந்த 129 ரூபாய் 60 காசு சுத்தமாக வரி மீது வரி. கடைசியில் பீரோ 12,289 ரூபாய் 60 காசுக்குப் போய் நிற்கும். பில்லில் பார்த்தால் எவ்வளவு வரி என்று வாங்குபவருக்குத் தெரியவும் தெரியாது.

‘வாட்’ இந்த நோயைத் தீர்த்தது, மாநில எல்லை வரை. தங்கவயலுக்கு அது சிறிய விஷயம் அல்ல. ஊரின் ஒரு பக்கம் ஆந்திரத்தின் குப்பம், இன்னொரு பக்கம் தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி. பட்டறைக்காரர் கிருஷ்ணகிரியிலிருந்து 5,000 ரூபாய்க்குத் தகடு வாங்கினால் மத்திய விற்பனை வரி கொடுக்க வேண்டும். 2008 ஜூனுக்குப் பிறகு சி படிவம் கொடுத்தால் அது 2 சதவீதம், அதாவது 100 ரூபாய். அந்த நூறு ரூபாயைக் கர்நாடக வாட்டில் கழித்துக்கொள்ள முடியாது. அது அடக்க விலையில் ஒட்டிக்கொண்டே வரும். 2017-க்குப் பிறகு எல்லை தாண்டிய சரக்குக்கு ஐ.ஜி.எஸ்.டி. போடுகிறார்கள், அதன் 900 ரூபாயையும் முழுதாகக் கழித்துக்கொள்ளலாம். பில்லில் விற்பவரின் ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லிவிடும்: கர்நாடகம் 29, தமிழ்நாடு 33, ஆந்திரம் 37.

இதுவரை சங்கிலி அறுபடவில்லை. அறுந்தால் என்ன ஆகும் என்பதுதான் சிறு பட்டறைக்காரர்களின் பிரச்சினை.

ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருப்பவர்களுக்கு ‘காம்போசிஷன்’ என்று ஒரு சலுகை உண்டு. பட்டறை நடத்துபவர் விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும். கணக்குத் தொல்லை குறைவு. ஆனால் அவர் பில்லில் வரி வசூலிக்கக் கூடாது, தான் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளவும் கூடாது. நம் பட்டறைக்காரர் இந்த வழியில் போனால் தகட்டுக்குக் கொடுத்த 900 அவர் செலவாகிவிடுகிறது. 5,900 அடக்கம், 3,000 தன் உழைப்பும் லாபமும், சுமார் 90 ரூபாய் வரி. பீரோ விலை 8,990.

இதை அவர் நேராகக் கல்யாண வீட்டுக்கே விற்றால் லாபம்தான். வழக்கமான முறையில் 8,000-மும் 1,440-மும் சேர்த்து 9,440 ஆகியிருக்கும். இப்போது 450 ரூபாய் குறைவு. ஆனால் கடைக்கு விற்றால் கதை மாறுகிறது. கடைக்காரருக்கு 8,990-இல் ஒரு காசு இன்புட் கிடையாது. தன் 2,000-ஐச் சேர்த்து 10,990 என்று விலை வைத்து, அதன் மீது 18 சதவீதமாக 1,978 ரூபாய் 20 காசு போட்டால், பீரோ 12,968 ரூபாய் ஆகிவிடும். முன்பு 11,800 ஆக இருந்த அதே பீரோ. வரி மீது வரி பழைய வீட்டுக்கே திரும்பி வந்துவிடுகிறது.

கூடுதலான 1,168 ரூபாயைக் கல்யாண வீட்டார் கொடுக்க மாட்டார்கள். எனவே கடைக்காரர் சரக்கை வேறு பட்டறையில் எடுப்பார். சலுகை பெற்றவர் சலுகையாலேயே வியாபாரத்தை இழப்பார். இன்னொரு முடிச்சும் உண்டு. காம்போசிஷனில் இருப்பவர் வெளி மாநிலத்திலிருந்து வாங்கலாம், வெளி மாநிலத்துக்கு விற்கக் கூடாது. எல்லையோரத்துப் பட்டறைக்குக் குப்பத்துக் கடை பக்கத்தில் இருந்தும் சட்டப்படி தூரம்தான்.

ஆகவே பதிவு செய்வதா, சலுகையில் இருப்பதா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. உங்களிடம் வாங்குபவர் வீட்டுக்காரரா, வியாபாரியா என்று பார்க்க வேண்டும். சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருப்பவருக்குச் சலுகை நல்லது. நடுவில் இருப்பவருக்கு அது வினை.

முறையாகப் பதிவு செய்தவருக்கும் ஓர் ஆபத்து இருக்கிறது. தகட்டு வியாபாரி 900 ரூபாயை வாங்கிக்கொண்டு, தன் கணக்கைத் தாக்கல் செய்யாமல் விட்டால், பட்டறைக்காரருக்கு அந்த இன்புட் கிடைக்காது. கையில் பில் இருப்பது மட்டும் போதாது. மாதந்தோறும் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் GSTR-2B என்ற பட்டியலில் அந்த பில் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லையென்றால் அடுத்த சரக்குக்குப் பணம் கொடுக்கும் முன் கேட்டுவிடுவது நல்லது. வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது இன்னும் எளிது: காம்போசிஷன் வியாபாரி, வரி வசூலிக்கும் உரிமை தனக்கில்லை என்று பில்லிலேயே எழுத வேண்டும். அப்படி எழுதிய பில்லில் வரி என்று தனியாக ஒரு தொகை இருந்தால் அது கொடுக்க வேண்டியதல்ல.

கடைசியாக, பெரியவரின் புகாருக்கு வருவோம். முழு வரியையும் அவர்தான் சுமந்தாரா? பில்லின்படி ஆம். சந்தையின்படி எப்போதும் அப்படியல்ல. தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்ட ஊர் இது. வேலைக்காகத் தினமும் ரயிலேறிப் பெங்களூர் போய்த் திரும்புகிற ஊரில், விலை பிடிக்காவிட்டால் அங்கேயே வாங்கிவிட ஆள் இருக்கிறது. ஒருவர் “பதினோராயிரத்துக்கு மேல் ஒரு பைசா தரமாட்டேன்” என்று நின்றுவிட்டால் கடைக்காரர் விட்டுக்கொடுப்பார். அப்போது வரி 1,678 ரூபாய், பீரோ விலை 9,322. அரசுக்கு 122 ரூபாய்தான் குறைகிறது. கடைக்காரரின் 2,000 ரூபாய் 1,322 ஆகிவிடுகிறது. வரிச்சுமையில் ஒரு பங்கு வாங்குபவர் தோளிலிருந்து விற்பவர் தோளுக்கு மாறிவிட்டது.

வரியை யார் கட்ட வேண்டும் என்று சட்டம் எழுதிவைக்கலாம். யார் சுமப்பது என்பதைத் தீர்மானிப்பது, ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடக்க யாரால் முடியும் என்பதுதான். முகூர்த்தத்துக்கு இரண்டே நாள் இருக்கும்போது பீரோ வாங்க வருகிற பெண்ணின் தகப்பனாரால் அது முடிவதில்லை. அந்தப் பெரியவர் பேரம் பேசவில்லை. பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடந்தார்.