விதியல்ல, வாயு!

"குழிக்குள் இறங்கினான், மயங்கி விழுந்தான், மாண்டான். பாவம், அவன் விதி!" இப்படிப் பேசிவிட்டு நகர்ந்து செல்கிறது ஊர். நாளேடு நாலு வரி போடுகிறது. அலுவலகக் கோப்பிலே 'விபத்து' என்றொரு சொல் ஏறுகிறது. சேலம், நாமக்கல் சமவெளியிலே, உள்ளாட்சியின் துப்புரவு மேற்பார்வையாளர்களாகப் பணிபுரியும் நாம் கேட்கிறோம்: விதியா அவனை வீழ்த்தியது? இல்லை, நண்பர்களே! வீழ்த்தியது வாயு. அங்கே இருக்குமென்று முன்கூட்டியே தெரிந்த வாயு.

அதன் பெயர் ஹைட்ரஜன் சல்பைடு. மூடிய சாக்கடையிலே காற்றோட்டமின்றிக் கழிவு அழுகும்போது பிறப்பது. காற்றைவிடச் சற்றுக் கனமானது; ஆகவே குழியின் அடியிலே குடியிருப்பது. நமது வட்டாரத்திலே அது வளர வழியும் உண்டு. சேகோ ஆலைக் கழிவிலே மாவுச்சத்து, சாயப்பட்டறைக் கழிவிலே சல்பேட் உப்பு. இவை சாக்கடையிலே கலந்தால் அந்த வாயுவுக்கு விருந்து! வெள்ளிப் பட்டறையின் அமிலநீரும் வந்து சேர்ந்தாலோ, நீரிலே கரைந்து கிடந்த வாயுவும் வெளியே கிளம்பும்.

அதன் வஞ்சகத்தைக் கேளுங்கள்! சிறிதளவு இருக்கும்போது அழுகிய முட்டைபோல் நாறி எச்சரிக்கும். பத்து லட்சம் பங்குக் காற்றிலே 100 பங்கை எட்டினால், சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. "நாற்றம் போய்விட்டது, இனி பயமில்லை" என்று எண்ணுகிறான் உள்ளே நிற்பவன். ஆபத்து பெருகிய நேரத்தையே ஆபத்து நீங்கிய நேரமென்று நம்புகிறான்! 500 பங்கைத் தாண்டினால் தள்ளாட்டம், மயக்கம். 1000 பங்கை எட்டினால் ஓரிரு மூச்சிலேயே சாய்ந்துவிடுவான்.

"தீக்குச்சி கொளுத்திப் பார்த்தோமே, எரிந்ததே!" என்பார் ஒப்பந்தக்காரர். குச்சி எரிந்தால் உயிர்க்காற்று ஓரளவு உண்டு என்று பொருள். நச்சுக்காற்று இல்லை என்று பொருளல்ல. மீத்தேன் நிறைந்திருந்தால் அந்தக் குச்சியே குழியை வெடிக்கவைக்கும். கருவி கொண்டு மேலே, நடுவே, அடியிலே என மூன்று இடத்தில் அளந்தாலும் போதாது. இறங்கியவன் கடப்பாரையால் சகதியைக் குத்துகிறானே, அப்போது, குலுக்கிய சோடாப் புட்டியைத் திறந்ததுபோல், அடைபட்டிருந்த வாயு பீறிடுகிறது. எனவே, வேலை முடியும்வரை அளந்துகொண்டும், ஊதுகருவியால் புதுக்காற்றைச் செலுத்திக்கொண்டும் இருக்கவேண்டும். முகத்திலே கட்டிய துணி தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது.

விழுந்தவனைத் தூக்க இன்னொருவன் குதிக்கிறான். இரக்கம்தான், ஆனால் வாயுவுக்கு இரக்கமில்லை. 2015 நவம்பர் 26 அன்று கோழிக்கோட்டில் நடந்தது என்ன? ஆந்திரத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர் இருவர் குழிக்குள் சிக்கினர். அவ்வழியே வந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், முன்பின் அறியாத அவர்களைக் காக்க உள்ளே இறங்கினார். மூவரும் மாண்டனர். குழியின் வாயிலே ஒரு முக்காலி, அதிலே ஒரு கைச்சுழல், அதன் கயிறு தொழிலாளியின் மார்புப்பட்டையிலே. இவ்வளவும் இருந்தால், மேலே நிற்பவர் உள்ளே இறங்காமலே விழுந்தவனைத் தூக்கிவிடலாம். வீரம் வேண்டியதில்லை, விசை போதும்!

சட்டம் இல்லையா? உண்டு. 2013ஆம் ஆண்டுச் சட்டம், காப்புக் கருவிகளின்றி ஒருவரைச் சாக்கடைக்குள் இறக்குவது குற்றம் என்கிறது. முதல் முறைக்கே ஈராண்டு வரை சிறை உண்டு. அதன் விதிகளோ, சில கட்டுமானப் பணிகள் நீங்கலாக, உள்ளாட்சியின் தலைமை அலுவலர் காரணத்தை எழுதி அனுமதி தராமல் எவரையும் இறக்கக்கூடாது என்கின்றன. இறந்தவர் குடும்பத்துக்கு 2014இல் 10 லட்சம் என்று அறிவித்த உச்சநீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது. பிணத்துக்கு விலை ஏறியது, உயிருக்கு?

ஆள் தேடி எந்தத் தெருவுக்குப் போகிறார்கள்? அக்கிரகாரத்துக்கா? பெரிய வீட்டுத் தெருவுக்கா? அருந்ததியர் குடியிருப்புக்கல்லவா! 'ஆள் இறங்கு குழி' என்று பெயர் வைத்தவர்கள், எந்த ஆள் என்பதையும் சாதியால் எழுதிவைத்திருக்கிறார்களே!

மேலிடம் தொலைபேசியிலே சொல்லும்: "இன்று மாலைக்குள் அடைப்பு எடுபடவேண்டும்." எப்படி என்று சொல்லாது. ஆள் சாய்ந்தால், "நாம் இறங்கச் சொல்லவில்லையே" என்னும். சக தோழர்களே, அந்த வாய்மொழிக்கு விடை ஒன்றே: "எழுத்திலே தாருங்கள், அல்லது அடைப்பு நீக்கும் ஊர்தியைத் தாருங்கள்." இரண்டும் வராதவரை மூடி மூடியபடியே இருக்கட்டும். தெருவிலே சாக்கடை வழிந்தால் நாறும். நாறட்டும்! அந்த நாற்றத்தால் எவனும் சாவதில்லை.