இன்னும் எத்தனை நாள்?



செலவுக்குக் கணக்கு எழுதுங்கள் என்று வார்டன் சார் அடிக்கடி சொல்வார். நானும் எழுதினேன். பப்ஸ் 15, பேனா 10 என்று நோட்டு நிறைந்தது. ஆனாலும் போன மாதக் கடைசியில் ஊருக்குப் போக பஸ் காசு இல்லை. லீவு இரண்டு நாளும் விடுதியிலேயே கிடந்தேன். அம்மா பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றுவிட்டுத் திரும்பினாராம். போனது எவ்வளவு என்று எழுதினேனே தவிர, இருப்பது எத்தனை நாளைக்கு என்று பார்க்கவில்லை. அதுதான் தப்பு.

என் கருத்து இதுதான்: ஞாயிறும் புதனும் ராத்திரி ஸ்டடி முடிந்ததும் ஒரே ஒரு கணக்குப் போட்டால் போதும்.

எனக்கு அப்பா 5-ஆம் தேதி பணம் அனுப்புவார். ஜூன் 17 காலையில் கையில் 330 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஜூலை 4 வரை எண்ணினால் 18 நாள். அப்பாவுக்குக் கூலி வருவது சில மாதம் தள்ளிப்போகும். அதற்கு 2 நாள் சேர்த்தால் 20. உடனே 330-ஐ 20-ஆல் வகுத்துவிடாதீர்கள்! ஊருக்குப் போய்வர பஸ்ஸுக்கு 70, முடிவெட்ட 80, ஆக 150-ஐத் தனிக் கவரில் போட்டு ஒட்டிவிட வேண்டும். மீதி 180. அதை 20-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 9 ரூபாய். கடன் கொடுத்த காசு கைக்குத் திரும்பும் வரை அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

"9 ரூபாயில் பப்ஸ்கூட வராதேடா!" என்று ரூம்மேட் சிரித்தான். வாஸ்தவம்தான். ஆனால் தினமும் 9 ரூபாய் செலவு செய்தே ஆகவேண்டும் என்று சட்டமில்லையே. ஒரு நாள் சும்மா இருந்தால் அந்தக் காசு மற்ற நாட்களுக்குத் தானாகப் பிரிந்துவிடும்.

இன்னொரு விஷயமும் இந்தக் கணக்கில் தெரிந்தது. முதல் நாளே 30 ரூபாய் செலவழித்தால் மீதி 150. 19 நாளுக்குப் பிரித்தால் 9 என்பது 7 சொச்சமாகும், அவ்வளவுதான். அதே 30-ஐ, கையில் 36 ரூபாயும் 4 நாளும் இருக்கும்போது செலவழித்தால், மிச்ச 3 நாளுக்கும் தினம் 2 ரூபாய்தான்! சாக்லேட்கூட யோசித்து வாங்கணும். பிறந்தநாள் ட்ரீட் கேட்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பணம் வரும் தேதி தெரியாவிட்டால் இந்தக் கணக்கே போட முடியாது. அடுத்த முறை வீட்டுக்குப் பேசும்போது "பணம் அனுப்புங்க" என்பதோடு நிறுத்தாமல், "என்னைக்குப்பா அனுப்புவீங்க?" என்றும் கேளுங்கள்.

என் பஸ் காசு இந்த மாதம் கவரில் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
விடுதி மாணவன்,
11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு