வாரி நேர்த்திக்கடன் அன்று

ஆனி மாதம் நெருங்கினால் பண்டரிபுர நடைப்பயணத்தை இளையோருக்கு விளக்கும் குறுங்காணொளிகள் வரிசையாக வரத் தொடங்கிவிடுகின்றன. தமிழில் வருபவை பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. திவே மலைப்பாதையில் ஏறும் மக்கள் வெள்ளம் மேலிருந்து காட்டப்படும்; காவிக் கொடிகள் அசையும்; வெண்குதிரை ஒன்று பாய்ந்து ஓடும். பின்னணிக் குரல், "வேண்டுதலை நிறைவேற்ற 250 கிலோமீட்டர் நடக்கும் பக்தர்கள்! சாதி மறைந்து எல்லோரும் ஒன்றாகும் அதிசயம்!" என்று முழங்கும். ஒன்றரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

காணொளி குறுகியதாக இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. வகுப்பறையில் முதலாண்டு மாணவருக்கு இதை விளக்க எனக்கும் பல நேரங்களில் ஒன்றரை நிமிடமே கிடைக்கிறது. என் மறுப்பெல்லாம் அந்தக் குரல் சொல்லும் இரண்டு வாக்கியங்கள் மீதுதான். முதலாவது பொருளைத் தவறாக வகைப்படுத்துகிறது. இரண்டாவது உண்மைக்குப் புறம்பானது.

முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். நேர்த்திக்கடன் என்பது நமக்கு நன்கு பழகிய ஓர் ஒப்பந்தம். பிள்ளைக்குக் காய்ச்சல் தணிந்தால் பழனிக்கு நடந்து வருகிறேன் என்று ஒரு தாய் நேர்ந்துகொள்கிறாள். அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. நிபந்தனை நிறைவேறியதும் கடன் பிறக்கிறது. நடந்து முடித்ததும் அது தீர்கிறது. 'கடன்' என்ற சொல்லே அந்தக் கணக்கைத் தெளிவாகச் சொல்கிறது. மராத்தியில் இதற்கு 'நவஸ்' என்று பெயர். மகாராஷ்டிரத்திலும் நவஸ் உண்டு. அதற்கான தெய்வங்களும் தலங்களும் ஏராளமாக உண்டு. ஆனால் பண்டரிபுரத்துக்கு நடப்பதை நவஸ் என்று வார்க்கரிகள் சொல்வதில்லை. அவர்கள் சொல்லும் சொல் 'நேம்'. நியமம் என்பதன் மராத்தி வடிவம் அது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. வார்க்கரி ஆவது எப்படி என்று பார்த்தால் அது விளங்கும். மூத்த வார்க்கரி ஒருவர் முன்னிலையில் ஒருவர் துளசிமணி மாலையைக் கழுத்தில் ஏற்கிறார். அதோடு சில கடப்பாடுகளையும் ஏற்கிறார்: புலால் உண்ணுவதில்லை, மது அருந்துவதில்லை, ஏகாதசிதோறும் நோன்பு, நாள்தோறும் ஞானேசுவரரின் ஹரிபாடம், ஆண்டுக்கு ஒரு முறையேனும் பண்டரிபுரம். இவற்றுள் 'இது நடந்தால்' என்று தொடங்கும் கூறு எதுவும் இல்லை. தெய்வம் தன் பங்குக்குச் செய்யவேண்டியது என்று எதுவும் குறிக்கப்படவில்லை. கேட்காததால் கொடுப்பதும் இல்லை. கொடுக்காததால் தீர்வதும் இல்லை. அடுத்த ஆண்டும் ஆஷாட சுத்த ஏகாதசி வரும். அடுத்த ஆண்டும் நடக்கவேண்டும். நடக்க இயலாத முதுமை வந்தால் திண்டியில் அவருடைய இடத்தை மகனோ மருமகளோ ஏற்கும் குடும்பங்கள் பல. 'வாரி' என்ற சொல்லே மீண்டும் மீண்டும் போய்வருவதைக் குறிக்கிறது. ஒரு முறை நடந்தவர் யாத்திரிகர். திரும்பத் திரும்ப நடப்பவரே வார்க்கரி.

நடப்பவர் எவர் மனத்திலும் வேண்டுதல் இல்லையா என்று கேட்கலாம். இருக்கும். கடனும் நோயும் மகளின் திருமணமும் மனத்தில் இல்லாத உழவர் எவர்? மனிதர் எதைச் சுமந்து நடக்கிறார் என்பது ஒரு கேள்வி. அந்த நடையை ஒரு மரபு எதன்மேல் கட்டி எழுப்பியிருக்கிறது என்பது வேறொரு கேள்வி. காணொளி விளக்குவதாகச் சொல்வது இரண்டாவதை. நேர்ந்துகொண்டு பிள்ளை பெறுவதை எள்ளும் அபங்கம் ஒன்று துக்காராமின் பெயரிலேயே வழங்குகிறது. அவருடைய பாதுகையைச் சுமந்து செல்லும் பல்லக்கைக் காட்டிக்கொண்டே 'வேண்டுதல்' என்று சொல்வது அவரை அவருடைய ஊர்வலத்திலேயே மறுப்பதாகும்.

பயணத்தின் முடிவைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நேர்த்திக்கடன் சந்நிதியில் முடியவேண்டும். கடனைச் செலுத்துபவர் கொடுத்தவர் முன் நின்றாகவேண்டும். ஆனால் ஆஷாட ஏகாதசியன்று பண்டரிபுரத்துக்கு வரும் லட்சக்கணக்கானோரில் பெரும்பாலோர் கருவறையை எட்டுவதில்லை. மூன்று வாரம் நடந்து வந்தவர் அங்கே சந்திரபாகை என்று அழைக்கப்படும் பீமையில் நீராடுகிறார், ஊரை வலம் வருகிறார், கோபுரக் கலசத்தைக் கண்டு கும்பிடுகிறார், நாமதேவர் படியில் தலை வைக்கிறார். அதோடு நிறைவு கொண்டு கிளம்புகிறார். விட்டலனைக் காணாமல் திரும்புவது அவருக்குத் தோல்வி அன்று. காணொளியோ கருவறைத் திருவுருவத்தில்தான் முடியும்.

அது காட்டாத மற்றொன்று திரும்பும் பயணம். பௌர்ணமியன்று கோபாலபுரத்தில் காலா முடிந்ததும், பாதுகைகள் வந்த வழியே ஆளந்திக்கும் தேஹுவுக்கும் நடந்தே திரும்புகின்றன. அப்போது கூட்டம் இல்லை. பெரும்பாலோர் பேருந்திலும் ரயிலிலும் ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். சிறு குழு ஒன்று மட்டும், வந்ததைவிட விரைவாக, மழையில் நடக்கிறது. போவதும் வருவதும் சேர்ந்ததே வாரி என்பதை இந்தச் சிறு குழுவைப் போல வேறெந்தக் காட்சியும் சொல்லாது. ஆனால் மேலிருந்து படம் எடுக்கும் அளவுக்கு அங்கே தலைகள் இல்லை.

இரண்டாவது வாக்கியத்துக்கு வருகிறேன். 'சாதி மறைந்தது' என்பதற்குச் சான்று கேட்டால், எல்லோரும் ஒருவரை ஒருவர் 'மாவுலி' என்று அழைத்து, வயது பாராமல் ஒருவர் காலை ஒருவர் தொடுவதைக் காட்டுவார்கள். அது உண்மை; அதன் அழகையும் நான் மறுக்கவில்லை. 'தாய்' என்று பொருள்படும் அந்தச் சொல் ஞானேசுவரருக்கும் உரியது, பக்கத்தில் நடக்கும் அயலாருக்கும் உரியது. ஆனால் மானுடவியலாளர் ஐராவதி கார்வே இதே பாதையில் நடந்து எழுதிய கட்டுரை 1962 முதல் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. ஒரே திண்டியில் சேர்ந்து நடந்து, சேர்ந்து பாடியவர்கள், உணவு வேளையில் பிராமணர் தனியாகவும் மராத்தர் தனியாகவும் பிரிந்து உண்டதை அவர் பதிவு செய்கிறார்; அது தம்மை வருத்தியதையும் மறைக்கவில்லை. நம் ஆய்வு மாணவர்களுக்கு விக்டர் டர்னரின் 'சமத்துவக் கூட்டுணர்வு' மனப்பாடமாக இருக்கிறது. டர்னர் பண்டரிபுரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பதும் தெரிந்திருக்கிறது. கார்வே கண்ட இரண்டு பந்திகள்தான் நினைவில் நிற்பதில்லை.

பந்தியைவிடப் பெரிய சான்று கோயில் வாசலிலேயே இருக்கிறது. மகர் குலத்தில் பிறந்த சோகாமேளா வார்க்கரி மரபு போற்றும் அடியார்களுள் ஒருவர். அவருடைய அபங்கங்களை எல்லாத் திண்டிகளும் பாடுகின்றன. அவருடைய சமாதி கோயிலுக்கு வெளியே, படியருகே இருக்கிறது. உள்ளே செல்ல அவருக்கு உரிமை இல்லாதிருந்தது. அவருக்குப் பின் வந்த தலித் மக்களுக்கு அந்த உரிமை 1947-இல்தான் கிடைத்தது. அதற்குச் சானே குருஜி உண்ணாநோன்பு இருக்கவேண்டியிருந்தது. ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் ஒரு மரபு அவருடைய பாடலைப் பாடிக்கொண்டே அவருடைய மக்களை வெளியே நிறுத்தியிருந்தது. இந்த முரணைச் சொல்லாமல் சமத்துவத்தைப் பற்றி இளையோரிடம் பேசுவது, போராடி வென்ற ஒன்றை இயல்பாக வாய்த்ததாகச் சொல்வதாகும். அதைக் கேட்டு வளரும் தலித் மாணவர் ஒருவர், தாம் அறிந்த வரலாறு பொய்யா, இந்தக் காணொளி பொய்யா என்று தனியே முடிவு செய்யவேண்டியிருக்கிறது.

"ஒன்றரை நிமிடத்தில் இவ்வளவையும் எப்படிச் சொல்வது?" என்பார்கள். இவ்வளவையும் சொல்ல வேண்டாம். ஒன்றரை நிமிடக் குரலில் ஏறக்குறைய நூற்றைம்பது சொற்கள் கொள்ளும். மூன்று காட்சிகள் போதும்.

முதல் அரை நிமிடம், மாலை ஏற்கும் கழுத்து. "இவர் எதையும் கேட்கவில்லை; ஆண்டுதோறும் வருவதாக மட்டும் சொல்கிறார்" என்ற ஒரு வாக்கியம்.

அடுத்த அரை நிமிடம், மாலைநேரத் தங்குமிடம். ஞானேசுவரர் பல்லக்கைச் சுற்றித் திண்டிகள் திரண்டு நிற்கும். தாளங்கள் காதைப் பிளக்கும். சோப்தார் தம் கோலை உயர்த்துவார். ஆயிரக்கணக்கான தாளங்கள் ஒரே நொடியில் அடங்கும். குறையுள்ள திண்டி மட்டும் அடங்காமல் தாளத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். அதனிடம் சென்று குறையைக் கேட்ட பிறகே ஆரத்தி. தொலைந்த பொருள்களும் மறுநாள் புறப்படும் நேரமும் அங்கேதான் அறிவிக்கப்படும். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹைபத்ராவ் பாபா இந்தப் பல்லக்குக்கு வகுத்த ஒழுங்கின் வழியில் இன்றும் தொடரும் ஏற்பாடு இது. கட்டளையால் அன்றி நியமத்தால் ஒரு பெருங்கூட்டம் தன்னைத் தானே ஆள்வதைக் குதிரையின் பாய்ச்சலைவிட இந்த மௌனம் நன்றாகக் காட்டும். ஓசையும் மௌனமும் திரைக்கு ஏற்றவை. விளக்கவுரைகூட அதிகம் தேவையில்லை.

கடைசி அரை நிமிடம், சோகாமேளாவின் சமாதியும், அதைக் கடந்து மழையில் திரும்பும் பாதுகையும். '1947' என்ற ஓர் ஆண்டைத் திரையில் எழுதினால் போதும்.

இதில் எந்தக் காட்சியும் எடுக்க அரிதானதன்று. தடை வேறிடத்தில் இருக்கிறது. இளையோருக்குப் பக்தியைக் கொடுக்கல் வாங்கலாகச் சொன்னால்தான் புரியும் என்று நாம் முடிவு செய்துவிட்டோம். பதின்ம வயதினருக்கு, பயன் கருதாமல் ஒன்றை நாள்தோறும் செய்வது என்றால் என்னவென்று தெரியும். சாதகம் செய்யும் மாணவியும் மைதானத்தைச் சுற்றி ஓடும் மாணவனும் அதைத்தான் செய்கிறார்கள். அவர்களுக்குப் புரியாது என்று நினைப்பவர்கள் நாம்தான்.

பஜனை சம்பிரதாயத்தின் வழியாகப் பாண்டுரங்கனைச் சில நூற்றாண்டுகளாகப் பாடிவரும் மொழி தமிழ். 'நேம்' என்பதற்கு 'நோன்பு', 'நியமம்' என்ற சொற்களும் நம்மிடம் உண்டு. அப்படியிருக்க 'நேர்த்திக்கடன்' என்ற சொல்லை எடுத்து ஒட்டுவது மொழியின் வறுமையால் நேர்வதன்று. பார்க்காமல் பேசுவதால் நேர்வது. உங்கள் துறை மாணவர்கள் இந்த ஆண்டு இதைப் பற்றிக் காணொளி எடுக்கிறார்கள் என்றால் எழுத்துரையை ஒரு முறை வாங்கிப் பாருங்கள். 'பண்டரிபுரம்' என்ற பெயரை அடித்துவிட்டு வேறொரு தலத்தின் பெயரை எழுதினாலும் உரை பொருந்துகிறதா? பொருந்தினால் அவர்கள் இன்னும் வாரியைப் பார்க்கவில்லை. படக்கருவியைக் கையில் கொடுக்குமுன் கார்வேயின் கட்டுரையைக் கொடுங்கள்.